கொல்லிமலை ஏற எத்தனை கட்டி வேண்டும்?

மாணவர்களே, கொல்லிமலைக்குப் பேருந்தில் போகிறவர்கள் 70 கொண்டை ஊசி வளைவுகளை எண்ணிக்கொண்டு போவார்கள். நடந்து ஏறுகிறவன் எண்ண வேண்டியது, தன் உடல் செலவிடும் ஆற்றலை. நீங்கள் படித்த பௌதிகமே அதற்குப் போதும்.

50 கிலோ எடையுள்ள ஒருவன் 1000 மீட்டர் உயரம் ஏறுவதாகக் கொள்வோம். அவன் செய்யும் வேலை 50 × 9.8 × 1000 = 4,90,000 ஜூல், அதாவது சுமார் 117 கிலோ கலோரி. ஆனால் நம் தசைகள் உணவின் ஆற்றலில் ஏறக்குறைய கால் பங்கையே வேலையாக மாற்றுகின்றன, மீதி வெப்பமாகிவிடுகிறது. எனவே உடலுக்குச் செலவாவது சுமார் 470 கிலோ கலோரி.

இப்போது கடைக்குப் போவோம். 'எனர்ஜி பார்', 'புரோட்டீன் பார்' என்று பளபளக்கும் உறைகள். உறையின் முன்பக்கத்தைப் படிக்காதீர்கள், பின்பக்கத்தைப் படியுங்கள். புரதமும் மாவுப்பொருளும் கிராமுக்கு 4 கிலோ கலோரி, கொழுப்பு 9 கிலோ கலோரி தரும். 60 கிராம் கட்டியொன்றில் புரதம் 20 கிராம், மாவுப்பொருள் 22 கிராம், கொழுப்பு 7 கிராம் இருந்தால், 80 + 88 + 63 = 231 கிலோ கலோரி. மலையேற இரண்டு கட்டி வேண்டும்.

வீட்டில் தினைமாவு 30 கிராம், வறுத்த வேர்க்கடலை 30 கிராம், வெல்லம் 20 கிராம் சேர்த்து இடித்தால் இரண்டு உருண்டை பிடிக்கலாம். இரண்டுமாகச் சுமார் 340 கிலோ கலோரி. மூன்று உருண்டையில் மலையேறிவிடலாம்!

புரதத்தில் கட்டியே முந்துகிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அதில் 20 கிராம். நம் இரண்டு உருண்டையில் சுமார் 10 கிராம்தான். ஆனால் 13 முதல் 15 வயதுச் சிறுவனுக்கு நாளொன்றுக்குத் தேவை ஏறக்குறைய 45 கிராம். அதை ஒரே வாயில் விழுங்க வேண்டியதில்லை. சாமைச் சோற்றின் புரதத்தில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. மொச்சையில் அது நிறைய உண்டு. சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் சேர்ந்தால் ஒன்றின் குறையை மற்றது தீர்க்கும். கூடவே ஒரு முட்டையோ, தயிரோ இருந்தால் கணக்கு நேராகிவிடும்.

உணவுக்குப் பதிலாகக் குடிக்கும் மாவுகளில் இன்னொன்றைக் கவனியுங்கள். உறையிலுள்ள புரத அளவு மாவுக்கு மட்டுமா, பாலில் கலந்த பிறகா? 200 மில்லி பாலிலேயே சுமார் 6 கிராம் புரதம் உண்டு. அந்தப் பெருமை மாட்டுக்கே சேரும்.

அப்படியானால் வீட்டுணவு ஏன் பின்தங்குகிறது? கொல்லிமலையில் சாமையும் தினையும் விளைந்த நிலங்களில் பெரும்பகுதி மரவள்ளிக்கு மாறியது. மரவள்ளி விற்றால் பணம். சாமையை உண்பதற்கு முன் உமி நீக்க வேண்டும். உரலில் இடித்துப் புடைத்த அந்த உழைப்பு பெண்களின் தலையில் விழுந்தது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே சிறுதானிய அரவை இயந்திரங்களை அமைக்க உதவியதன் காரணமும் இதுவே.

கடைக் கட்டிக்கு நாம் கொடுக்கும் விலையில் பெரும்பகுதி சத்துக்கன்று, பிறர் நமக்காகச் செய்யும் வேலைக்கும் உறைக்கும்தான் என்பது என் கருத்து. அந்த வேலையை வீட்டில் அம்மா ஒருவரே செய்வதும் நியாயமன்று. வேர்க்கடலை வறுத்து, வெல்லம் தட்டி, உருண்டை பிடிக்க உங்களுக்கும் இரண்டு கைகள் இருக்கின்றன.