செருப்பை மாத்தலாம், கணுக்காலை மாத்த முடியுமா?

நண்பன் ஒருத்தனோட அண்ணன் செருப்புக்கடை வெச்சிருக்கார். ஒரு பெண்ணை நிற்க வைத்து தலை முதல் கால் வரை ஒரே ஒரு போட்டோ எடுத்துவிட்டு, காலில் மட்டும் விதவிதமான செருப்பை ஒட்டி இணையத்தில் விற்பது அவர் திட்டம். ஒட்டுற வேலை என் தலையில் விழுந்தது. பி.காம் படிக்கிறவனுக்கு இது தேவையா என்று கேட்காதீங்க. ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு என் கருத்து இதுதான்: தட்டைச் செருப்புக்குப் பதில் இன்னொரு தட்டைச் செருப்பு வைக்கலாம். ஹீல்ஸ் வைக்கவே கூடாது.

ஏன்னு ஒரு சின்னக் கணக்கு. அந்தப் பெண்ணின் உயரம் சுமார் 160 செ.மீ. படத்தில் அது 1600 பிக்சல். அதாவது 1 செ.மீ.க்கு தோராயமாக 10 பிக்சல். காலில் இருப்பது 1 செ.மீ. தட்டைச் செருப்பு, நான் வைக்க வேண்டியது 6 செ.மீ. ஹீல்ஸ். அப்படியென்றால் குதிகால் 50 பிக்சல் மேலே ஏற வேண்டும். ஆனால் படத்தில் பாதம் தட்டையாக இருக்கிறதே! முன்பக்கத்தைத் தரையில் பொருத்தினால் ஹீல் தரைக்குள் புதைகிறது. ஹீலைத் தரையில் வைத்தால் விரல்கள் அந்தரத்தில் தொங்குகின்றன. செருப்பை நசுக்கிப் பொருத்தினேன், 6 செ.மீ. ஹீல் 2 செ.மீ. மாதிரி ஆகிவிட்டது.

சரி, பாதத்தை மட்டும் சாய்த்தால்? கணுக்கால் உடைந்த மாதிரி தெரிந்தது. நிஜத்தில் குதிகால் உயரும்போது கணுக்காலின் முன்பக்க மடிப்பு விரிந்துவிடும், கெண்டைக்கால் சதை திரளும், முழு உடம்பும் மேலே ஏறும். இதையெல்லாம் வரைவதற்குப் பதில் ஹீல்ஸ் போட்டு இன்னொரு போட்டோ எடுத்துவிடலாம்.

தட்டைக்குத் தட்டை மாற்றும்போது நிழல்தான் முக்கியம். முதலில் பழைய செருப்பின் நிழலைத் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு நிழல் விழும். அப்புறம் Multiply லேயர் இரண்டு. ஒன்று, செருப்பு தரையைத் தொடும் இடத்தில் மட்டும் ஒல்லியான அடர்ந்த கோடு, Gaussian Blur இரண்டு மூன்று பிக்சல் போதும். இது இல்லாவிட்டால் ஆள் மிதப்பார். இன்னொன்று, கால் நிழல் விழும் அதே திசையில் மெல்லிய அகலமான நிழல், செருப்பை விட்டு விலக விலக மங்க வேண்டும். சுத்தக் கறுப்பு வேண்டாம், தரையின் நிறத்தையே இருட்டாக்குங்கள். முடித்ததும் முழங்காலுக்கு மேலே மறைத்துவிட்டுப் பாருங்கள். கால் நிற்கிறதா, தொங்குகிறதா என்று உடனே தெரிந்துவிடும்.

அண்ணனோ நசுக்கின படமே போதும் என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. வாங்குகிறவர் ஹீல் உயரத்தை அந்தக் கணுக்காலைப் பார்த்துத்தான் எடைபோடுகிறார். 2 செ.மீ. என்று நினைத்தவருக்கு 6 செ.மீ. வந்தால் திருப்பி அனுப்புவார். போக வர கூரியர் காசு யார் கணக்கில் எழுதுவது? இன்னொரு போட்டோ அதைவிட மலிவு. நீங்களே சொல்லுங்க!