காரணம் சொல்லாத மறுபரிசீலனை மறுபரிசீலனையே அன்று



நம் குடும்பங்களின் நிழற்படங்கள், கடிதங்கள், பத்திரங்களின் நகல்கள் அனைத்தும் இன்று கிளவுட் கணக்குகளில் அமானிதமாக ஒப்படைக்கப்பட்டுள்ளன. அந்தக் கணக்கை ஒரு தானியங்கிச் சோதனை முடக்கிவிட்டால், "கம்ப்யூட்டரே கண்டுபிடித்துவிட்டது, ஏதோ இருக்கத்தான் செய்யும்" என்று கூறி ஒதுங்கிவிடுவோர் நம்மில் பலர். இந்த எண்ணம் எவ்வளவு பிழையானது என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு நிகழ்வே போதிய சான்றாகும்.

2021 பிப்ரவரியில் சான் பிரான்சிஸ்கோ நகரில் ஒரு தந்தையின் சிறு மகனுக்கு மறைவிடத்தில் வீக்கம் ஏற்பட்டது. வீடியோ வழி ஆலோசனைக்கு முன்பாகப் படம் அனுப்புமாறு மருத்துவமனைச் செவிலியர் கேட்டார். படம் எடுத்து அனுப்பினர், மருத்துவர் மருந்து எழுதிக் கொடுத்தார், குழந்தை குணமடைந்தது. ஆனால் அந்தப் படம் தந்தையின் கூகுள் கணக்கிலும் தானாகவே பதிவாகியிருந்தது. இரண்டே நாட்களில் கணக்கு முடக்கப்பட்டது. பத்தாண்டுக்கும் மேலான மின்னஞ்சல்களும் படங்களும் போயின. தொலைபேசிச் சேவையும் அதே நிறுவனத்தினுடையது என்பதால் எண்ணும் போயிற்று. வழக்கை விசாரித்த காவல் அதிகாரி, குற்றம் ஏதும் நிகழவில்லை என்று முடித்தார். அந்த முடிவைத் தெரிவிக்கவும் அவரால் தொலைபேசியிலோ மின்னஞ்சலிலோ தந்தையை அடைய முடியவில்லை, இரண்டுமே முடக்கப்பட்டிருந்தன! காவல்துறை அறிக்கையைக் காட்டி முறையிட்ட பின்னும் கணக்கு திரும்பக் கிடைக்கவில்லை.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். சோதனை இரு வகைப்படும். முதலாவது, ஒப்பிட்டுப் பார்ப்பது. குற்றப்படம் என்று மனிதர்கள் முன்பே கண்டு உறுதிசெய்த படங்களுக்கு எண்வடிவில் ஒரு கைரேகை உருவாக்கி, புதிதாக வரும் படம் அதனோடு பொருந்துகிறதா என்று பார்ப்பர். 2009இல் மைக்ரோசாஃப்ட் உருவாக்கிய ஃபோட்டோ டிஎன்ஏ இவ்வகையைச் சேர்ந்தது. இரண்டாவது, ஊகிப்பது. இதற்கு முன் எவரும் கண்டிராத படத்தை, பயிற்றப்பட்ட மென்பொருள் தோற்றத்தை வைத்து மதிப்பிடுகிறது. வீட்டில் அன்று எடுத்த படம் எந்தப் பட்டியலிலும் இருந்திருக்க இயலாது. ஆகவே அது ஊகத்தில்தான் சிக்கியிருக்க வேண்டும். படத்தில் இருப்பதை ஊகம் சொல்லலாம். அது எதற்காக எடுக்கப்பட்டது என்பதை ஒருபோதும் சொல்லாது.

"மனிதரும் பார்த்துத்தானே முடிவெடுத்தார்?" என்பர். ஆம், பார்த்தார். பார்த்தவர் செவிலியரின் வேண்டுகோளை அறிந்தாரா? மருத்துவரின் குறிப்பைக் கேட்டாரா? தந்தை தம் முறையீட்டில் நோயை விளக்கியிருந்தார்; சில நாட்களில் வந்த பதிலோ, காரணம் ஏதுமின்றி மறுப்பு மட்டுமே. இதனினும் கொடியது ஒன்றுண்டு. அதே கணக்கில் ஆறு மாதம் முந்தைய ஒரு வீடியோவும் ஆட்சேபத்திற்குரியதாகக் கொள்ளப்பட்டது என்பதை, 2022இல் நியூயார்க் டைம்ஸ் விசாரித்தபோதுதான் நிறுவனம் கூறியது. தன்மீதுள்ள இரண்டாவது குற்றச்சாட்டையே அறியாதவர் எதை மறுத்து வாதிடுவார்?

ஆகவே நேர்மையான மறுபரிசீலனை நான்கைக் காட்ட வேண்டும். எந்தக் கோப்பு, எந்த நாளில் பதிவானது என்பது முதலாவது. அது பட்டியலோடு பொருந்தியதா, ஊகிக்கப்பட்டதா என்பது இரண்டாவது. உரியவர் அளித்த விளக்கத்தையும் சான்றையும், முதல் முடிவை எடுக்காத வேறொருவர் படித்தாரா, எதனால் ஏற்கவில்லை என்பது மூன்றாவது. ஒரு கோப்பிற்காக முழுக் கணக்கையும் மூடுவதற்கான காரணம் நான்காவது. காவல்துறையின் முடிவு தன்னைக் கட்டுப்படுத்தாது என்று நிறுவனம் கூறலாம். எனினும் எந்த விதியால் அதை மீறி நிற்கிறது என்று சொல்லியாக வேண்டும்.

"இவற்றைச் சொன்னால் குற்றவாளிகள் தப்பும் வழியைக் கற்பார்கள்" என்ற வாதம் எழும். குழந்தைகளைச் சீரழிப்போரைப் பிடிக்கச் சோதனை வேண்டும் என்பதில் நமக்கு மறுப்பில்லை. கைரேகைப் பட்டியலையோ மென்பொருளின் உள்ளமைப்பையோ நாம் கேட்கவில்லை. அந்தப் படத்தைத் திருப்பித் தரவும் கேட்கவில்லை. கோப்பின் பெயரும் நாளும், அது சிக்கிய வகையும் மட்டுமே கேட்கிறோம். தன் கோப்பின் பெயரைக் கணக்குக்கு உரியவர் அறிவதால் எந்த இரகசியம் வெளியாகும்?

இது நடக்காத காரியமும் அன்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டம், தன் 17ஆம் பிரிவில், கணக்கை முடக்கும் சேமிப்பு நிறுவனம் அதற்கான உண்மைகளையும் விதியையும், தானியங்கிக் கருவி பயன்பட்டதா என்பதையும் உரியவருக்குத் தெரிவிக்கக் கட்டளையிடுகிறது. அங்கே இயல்வது மற்ற இடங்களில் ஏன் இயலாது? குற்றம் சாட்டுபவரே குற்றத்தை விளக்கக் கடமைப்பட்டவர். குற்றம் சாட்டப்பட்டவர் அதை ஊகித்துக்கொள்ள வேண்டும் என்பது எந்த நீதியிலும் சேராது.