ஜூன் 4-ல் வெளியேற்றப்பட்டவர், ஜூன் 6-ல் ஜெயித்திருப்பார்

சங்கரன்கோவில்ல என் ஆபீஸுக்கு ஐடிஆர் ஃபைல் பண்ண வர்றவங்கள்ல இப்போ ஆப்ஷன் விற்கிறவங்களும் உண்டு. தறி வச்சிருக்குற ஒரு வாடிக்கையாளர் புரோக்கர் ஸ்டேட்மென்ட்டை நீட்டி, "சார், மார்க்கெட் நான் நினைச்ச மாதிரிதான் முடிஞ்சது. ஆனா எனக்கு நஷ்டம்"னு சொன்னார். அவர் சொன்னது உண்மைதான். அவரைத் தோற்கடிச்சது மார்க்கெட் இல்ல, மார்ஜின்.

அந்த ஸ்டேட்மென்ட்டில் இருந்தது 2024 தேர்தல் முடிவு வாரம். ஜூன் 3 அன்று நிஃப்டி சுமார் 23,264-ல் முடிந்தது. அடுத்த நாள் வாக்கு எண்ணும்போது 21,281 வரை இறங்கியது. எக்ஸ்பைரி நாளான ஜூன் 6 வியாழக்கிழமை 22,821-ல் முடிந்தது.

ஒருத்தர் ஜூன் 3-ல் 22,000 புட்டை 60 ரூபாய்க்கு 10 லாட் விற்றதாக வைத்துக்கொள்வோம். அப்போது ஒரு லாட் 25. கையில் வந்த பிரீமியம் 15,000 ரூபாய். கணக்கில் 5 லட்சம் இருக்கு, லாட்டுக்கு 45,000 வீதம் 4.5 லட்சம் மார்ஜினாகப் போயிடுச்சு. (நிஃப்டி நிலவரமும் லாட் அளவும் நிஜம். பிரீமியமும் மார்ஜினும் கணக்கு புரிவதற்காக நான் வைத்த எண்கள்.)

இந்த 45,000 ஒரு நிலையான டெபாசிட் இல்ல. இங்கதான் நிறைய பேர் ஏமாறுறாங்க. இதில் ரெண்டு பகுதி இருக்கு. ஒன்று எக்ஸ்போஷர் மார்ஜின்: கான்ட்ராக்ட் மதிப்பில் 2%, அதாவது லாட்டுக்கு சுமார் 11,600. மற்றது ஸ்பான் மார்ஜின். விலையும் வாலட்டிலிட்டியும் இப்படி மாறினா எவ்வளவு நஷ்டம் வரும்னு 16 விதமாகப் போட்டுப் பார்த்து, அதில் மோசமானதை எடுப்பாங்க. ஒரே நாளில் பல முறை இது மாறும். மார்க்கெட் உங்களுக்கு எதிரா போனா கையிருப்பு நஷ்டத்தால் குறையும், தேவைப்படும் மார்ஜினோ கூடும். ரெண்டு பக்கமும் ஒரே நேரத்தில் நெருக்கும்.

நிஃப்டி 21,281-க்கு வந்தபோது 22,000 புட்டின் உள்மதிப்பு மட்டுமே 719 ரூபாய். 10 லாட்டுக்கு சுமார் 1.8 லட்சம். நம்மிடம் மிச்சமிருந்ததோ 50,000. பணம் போடலைன்னா புரோக்கரின் ரிஸ்க் டீம் கிடைக்கிற விலைக்கு ஸ்கொயர் ஆஃப் பண்ணிடும். நீங்க போனை எடுக்கும் வரைக்கும் அவங்க காத்திருக்க வேண்டியதில்ல. 500 ரூபாய்க்கு மூடினாங்கன்னு வைங்க, நஷ்டம் 1,10,000. ஜூன் 6-ல் அதே புட் பூஜ்யத்தில் முடிந்தது!

இப்போ அதே ஆள் கூடவே 21,800 புட்டை 48 ரூபாய்க்கு வாங்கியிருந்தா? நிகர பிரீமியம் 12 ரூபாய். ரெண்டு ஸ்ட்ரைக்குக்கும் இடைவெளி 200, அதனால நிஃப்டி எங்கே போனாலும் நஷ்டம் லாட்டுக்கு 4,700-ஐத் தாண்டாது. ஸ்பானும் அந்த எல்லைக்குள் அடங்கிடும். எக்ஸ்போஷரையும் சேர்த்தா லாட்டுக்கு சுமார் 16,000 போதும். 10 லாட்டுக்கு 1.6 லட்சம்தான், மீதி 3.4 லட்சம் சும்மா இருக்கும். ஜூன் 4 அன்று யாரும் அவரை வெளியேற்றியிருக்க மாட்டாங்க. வியாழக்கிழமை 3,000 ரூபாய் லாபத்தோடு போயிருப்பார்.

"15,000 எங்கே, 3,000 எங்கே"ன்னு கேட்பீங்க. நியாயமான கேள்விதான். அந்த 12,000 வித்தியாசம், வியாழக்கிழமை வரை உள்ளே இருப்பதற்கு நீங்க கொடுக்கிற விலை. அது தர முடியாதுன்னா அந்த டிரேடே வேண்டாம் என்பது என் கருத்து.

ஸ்ப்ரெட்டிலும் ரெண்டு இடத்தில் தடுக்கி விழுவாங்க. ஒன்று, வரிசை. ஜூன் 4 மாதிரி நாளில் வாங்கின 21,800 புட் நல்ல லாபத்தில் தெரியும். "இதை மட்டும் வித்துடலாம்"னு கை பரபரக்கும். விற்ற அந்த நிமிஷமே மீதி இருப்பது நேக்கட் பொசிஷன், மார்ஜின் அந்தக் கலவர விலையில் எகிறும். அதனால உள்ளே போகும்போது வாங்குவது முதலில், வெளியே வரும்போது விற்றதைத் திரும்ப வாங்குவது முதலில்.

இன்னொன்று, மிச்ச மார்ஜினைப் பார்த்து லாட்டைக் கூட்டுவது. அதே 5 லட்சத்தில் 30 லாட் போட முடியும். அதிகபட்ச நஷ்டமும் 1.41 லட்சமாகிடும், நேக்கட்டில் போனதை விட அதிகம். மார்ஜின் குறைஞ்சது ரிஸ்க் எல்லைக்குள் இருப்பதால்தான். அந்த எல்லையை நீங்களே மூணு மடங்காக்கினா, அது குறைஞ்சு என்ன பிரயோஜனம்?

ஆர்டர் போடும் முன் உங்க புரோக்கரின் மார்ஜின் கால்குலேட்டரில் விற்கும் லெக்கை மட்டும் ஒரு தடவை, ரெண்டையும் சேர்த்து ஒரு தடவை போட்டுப் பாருங்க. எவ்வளவு வித்தியாசம் வந்ததுன்னு கமென்ட்ல சொல்லுங்க.