எட்டுக் கட்டைகளில் கேத்திப் பள்ளத்தாக்கு

ஒரு நிலக்காட்சிப் புகைப்படத்தை ஜப்பானிய மர அச்சுப் படம்போல மாற்ற நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் நாடுவது, நிறங்களின் எண்ணிக்கையைக் குறைக்கும் கட்டளையைத்தான். ஜிம்ப் மென்பொருளில் அதன் பெயர் Posterize. அதை அழுத்தியதும் வானம் நிலவரைபடத்தின் உயரக்கோடுகள்போலப் பட்டைபட்டையாகப் பிரியும். மரங்கள் பொரிபொரியாகச் சிதறும். நிறங்கள் குறைந்திருக்கும், ஆனால் அச்சுப் படத்தின் சாயல் வந்திருக்காது.

அந்தக் கட்டளைக்குத் தெரிந்தது வெளிச்சம் மட்டுமே. சிவப்பு, பச்சை, நீலம் என ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் படிகளாக வெட்டுகிறது. நான்கு படி என்று கேட்டால் நமக்கு நான்கு நிறம் கிடைப்பதில்லை, அறுபத்துநான்கு வரை போகலாம். கட்டை செதுக்குபவரோ வெளிச்சத்தைப் பார்த்துப் பிரிப்பதில்லை. இது தூரத்து மலை, இது வயல், இது கூரை என்று பொருளைப் பார்த்துப் பிரிக்கிறார். வெயில் விழுந்த பாதியும் நிழல் விழுந்த பாதியும் ஒரே மலையானால் இரண்டும் ஒரே கட்டையில்தான் இருக்கும். அந்தப் பிரிவினையைக் கையால் செய்யாமல் இந்தச் சாயல் வராது என்பது என் உறுதியான எண்ணம்.

நீலகிரியின் கேத்திப் பள்ளத்தாக்கில் காலையில் எடுத்த படம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பின்னால் பனிமூட்டத்தில் அடுக்கடுக்காக மூன்று மலைவரிசைகள். அவற்றுக்குக் கீழே படிப்படியாகக் காய்கறி வயல்கள், நடுவில் ஓட்டுக்கூரை வீடுகள், முன்னால் சில மரங்கள். மூட்டமான காலைப் படமாக இருப்பது நல்லது. உச்சிவெயில் படத்தில் நிழல்கள் எல்லாப் பொருளையும் இரண்டாக வெட்டியிருக்கும், பொருளைப் பிரிப்பதற்குள் நிழலோடு மல்லுக்கட்ட வேண்டிவரும்.

இந்தக் காட்சிக்கு எட்டுக் கட்டைகள் போதும். வானத்துக்கு ஒன்று, மலைகளுக்கு மூன்று, வயலின் மஞ்சள் ஒன்று, கூரையின் செங்கல் நிறம் ஒன்று, மரங்களுக்கு அடர்நீலம் ஒன்று, கடைசியாகக் கோடுகளுக்கு ஒன்று. ஒவ்வொரு கட்டையும் ஒரு லேயர். அடியில் வெள்ளை லேயர்தான் தாள். மற்ற எல்லா லேயர்களையும் Multiply முறையில் வைக்க வேண்டும். மர அச்சின் நீர்வண்ணம் ஒளி ஊடுருவும் தன்மையுடையது, ஒன்றின்மேல் ஒன்று விழும்போது அடியில் உள்ளது தெரிந்துகொண்டே கருமை கூடும். Multiply செய்வதும் அதைத்தான்.

மலைகளுக்கு மூன்று வேறு நீலங்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஒரே வெளிர்நீலம் போதும், #A9CBD8 என்று வைத்துக்கொள்வோம். முதல் கட்டை, தூரத்து மலையின் விளிம்பிலிருந்து படத்தின் அடிவரை நிலம் முழுவதையும் மூடும். இரண்டாவது, நடுமலையையும் அண்மை மலையையும் மட்டும். மூன்றாவது, அண்மை மலையை மட்டும். ஒருமுறை அச்சான தூரத்து மலை #A9CBD8 ஆகவே நிற்கும். இருமுறை அச்சான நடுமலை #70A2B7 ஆகும். மும்முறை அச்சான அண்மை மலை #4A819B ஆகும். மூன்றும் ஒரே நீலத்திலிருந்து பிறந்தவை என்பதால் ஒன்றோடொன்று முரண்படுவதில்லை. தனித்தனியாகப் பொறுக்கிய நீலங்களில் இந்த ஒற்றுமை எளிதில் கைகூடாது.

வயலுக்குப் பச்சைக் கட்டை கிடையாது என்பதைக் கவனித்திருப்பீர்கள். முதல் நீலம் ஏற்கெனவே அங்கே கிடக்கிறது, அதன்மேல் வெளிர்மஞ்சளை அடித்தால் சாம்பல் கலந்த இளம்பச்சை தானாக வரும். கூரைகளுக்கு இதற்கு நேர்மாறான ஏற்பாடு தேவை. நீலத்தின்மேல் செங்கல் நிறம் விழுந்தால் சேற்றுப் பழுப்பாகிவிடும். ஆகவே நீலக் கட்டையிலும் மஞ்சள் கட்டையிலும் கூரையின் வடிவத்தை வெட்டி எடுத்துவிட வேண்டும். வெட்டும்போது, கூரைத் துளையைக் கூரையைவிட ஓரிரு பிக்ஸல் சிறிதாக விடுங்கள். சரியாக அதே அளவில் வெட்டினால் இரண்டு நிறங்களுக்கும் நடுவே தாளின் வெள்ளை மெல்லிய கீற்றாகத் தெரியும். சிறிதாக விட்டால் அங்கே நிறங்கள் மேல்விழுந்து ஒரு கருத்த விளிம்பு உண்டாகும், அதைக் கோட்டுக்கட்டை மறைத்துக்கொள்ளும்.

வானத்தில் புகைப்படம் தந்த ஏற்ற இறக்கம் எதையும் வைத்துக்கொள்ளக் கூடாது. ஹிரோஷிகேயின் அச்சுகளில் வானத்தின் உச்சியில் ஒரு நீலப் பட்டை கீழே வரவர மங்கி மறையும். ஈரத்துணியால் கட்டையைத் துடைத்து, நீர்வண்ணத்தைக் கரைந்துபோகச் செய்து அச்சிடும் அந்த முறைக்கு பொகாஷி என்று பெயர். திரையில் அது லேயர் மாஸ்க்கில் இழுக்கும் ஒரு நேர்கோட்டுச் சாய்வுதான். வானத்தின் மேல் ஐந்தில் ஒரு பங்கோடு அது முடிந்துவிட வேண்டும். மீதி வானம் வெறும் தாள். இந்த வெறுமையை விட மனம் வராமல் மேகங்களைத் திரும்பக் கொண்டுவந்து வைப்பவர்கள் உண்டு. மேகம் வந்த உடனே படம் மறுபடி புகைப்படமாகிவிடுகிறது.

இனிக் கோடு. இங்கேயும் தானியங்கிக் கட்டளைகள் ஏமாற்றும். விளிம்பு கண்டுபிடிக்கும் வடிகட்டி, நிறம் மாறும் இடத்திலெல்லாம் கோடு போடும். இலைக்கு இலை, நிழலுக்கு நிழல் கோடு விழும், ஆனால் மூட்டத்தில் மறைந்த கூரை விளிம்பை விட்டுவிடும். நான் அதை மங்கலாக அடியில் வைத்து வழிகாட்டியாக மட்டும் பயன்படுத்துவேன். கோட்டை Paths கருவியால் வரைந்து, Stroke Path கொடுக்கும்போது Emulate brush dynamics என்பதைத் தேர்ந்தெடுத்தால் முனைகள் மெலிந்து, உளி போன தடம்போலத் தெரியும். மூவாயிரம் பிக்ஸல் அகலப் படத்தில் முன்மரங்களுக்கு ஆறேழு பிக்ஸல் கனம், வீடுகளுக்கும் வயல் வரப்புகளுக்கும் மூன்று. பின்னால் உள்ள இரண்டு மலைகளுக்கும் கோடே வேண்டாம். கோடு போட்டால் தூரத்து மலை முன்னால் குதித்து வந்துவிடும்.

கோட்டின் நிறம் கருப்பாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஹொகுசாயின் 'பூஜி மலையின் முப்பத்தாறு காட்சிகள்' 1830களின் தொடக்கத்தில் வந்தபோது முதல் முப்பத்தாறு படங்களின் கோடுகள் நீலத்தில் அச்சாயின. பிறகு சேர்த்த பத்துப் படங்களில் கோடு கருப்பு. நீல மலைகள் நிறைந்த கேத்திக்கு அடர்நீலக் கோடே பொருந்தும்.

வேலை சரியா என்று பார்க்க இரண்டு சோதனைகள் உண்டு. கோட்டு லேயரை அணைத்துவிட்டுப் பாருங்கள். எது மலை, எது வயல் என்று தெரியாவிட்டால் கட்டைகளைப் பிரித்ததில் பிழை. பிறகு நிறங்களை அணைத்துக் கோட்டை மட்டும் பாருங்கள். வீடும் மரமும் அடையாளம் தெரியாதபடி கோடுகள் அப்பிக்கொண்டிருந்தால் பாதியை அழிக்க வேண்டும். மரத்தின் ரேகையைப் படம் முழுக்க ஒரே போர்வையாகப் போடுவதும் காட்டிக்கொடுத்துவிடும். ரேகை தெரிவது நிறம் விழுந்த பரந்த பரப்பில். வானத்தின் நீலப் பட்டையில் மட்டும், கிடைக்கோட்டுத் திசையில், லேசாக இருந்தால் போதும்.

கட்டைகள் தனித்தனியாக இருப்பதன் முழுப் பயனைக் காட்டியவர் ஹிரோஷி யோஷிதா. 1926இல் உள்நாட்டுக் கடலின் பாய்மரப் படகுகளை அவர் அதே கட்டைகளிலிருந்து நிறங்களை மட்டும் மாற்றிக் காலை, மாலை, மூடுபனி, இரவு என்று வெவ்வேறு பொழுதுகளாக அச்சிட்டார். கேத்தியின் வெளிர்நீலத்தை ஊதா கலந்த சாம்பலாகவும், வானத்தின் மேல்பட்டையை அடிவானத்தில் ஒரு செம்மஞ்சள் பட்டையாகவும் மாற்றினால் அதே பள்ளத்தாக்கு மாலையாகிறது. வயல்கள் மட்டும் உடனே ஒத்துவராது. ஊதாவின்மேல் விழுந்த மஞ்சள் மண் நிறமாக மங்கிவிடும். பச்சை வேண்டுமானால் முதல் கட்டையில் வயல்களையும் கூரைகளைப்போல வெட்டி எடுத்துவிட்டு, மஞ்சளுக்குப் பதில் பச்சையையே வயல் கட்டையில் தடவ வேண்டும்.