"பாத்துட்டுத்தான் வந்தேன் டாக்டர் அங்கிள்"

கொஞ்சம் நீளமான பதிவு. ஸ்கூல் வேன்லயோ பஸ்லயோ வந்து இறங்குற பிள்ளை உங்க வீட்டுல இருந்தா, கடைசி வரைக்கும் படிச்சிடுங்க.

இரண்டாம் வகுப்பு படிக்கும் பையன். ஏழு வயசு. மாலை நாலரை மணிக்கு வேன் அவனை வீட்டுக்கு எதிர்ப்பக்கம் இறக்கி விடுகிறது. அம்மா சாலைக்கு அந்தப் பக்கம், வீட்டு வாசலில் நிற்கிறார். பையன் வேனுக்கு முன்னால் சுற்றி வந்து சாலையில் கால் வைக்கிறான். நின்ற வேனை முந்திக்கொண்டு வந்த பைக் அவனை அடித்துவிட்டது.

தொடை எலும்பு முறிவு. தலையில் ஒரு தையல் காயம். ஸ்கேனில் மூளைக்கு ஒன்றும் இல்லை. அதிர்ஷ்டம் என்று சொல்வதைத் தவிர வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை.

அவசர சிகிச்சைப் பிரிவில் சுற்றி நின்ற அத்தனை பேரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள். "பய பாக்காம ஓடிட்டான் சார்." அம்மா அழுதுகொண்டே, "எத்தனை தடவை சொல்லிருக்கேன், பாத்து வா பாத்து வான்னு" என்றார்.

வலி குறைந்த பிறகு பையன் என்னிடம் மெதுவாகச் சொன்னது இது: "நான் பாத்துட்டுத்தான் வந்தேன் டாக்டர் அங்கிள். ஒண்ணுமே இல்ல."

அவன் பொய் சொல்லவில்லை.

நம்ம ஊரில் வண்டிகள் இடது பக்கம் ஓடுகின்றன. இடது ஓரமாக நிற்கும் வேனுக்கு முன்னால் வந்து நீங்கள் சாலையைப் பார்த்து நின்றால், உங்கள் வலது பக்கத்தில் என்ன இருக்கும்? வேனின் முகப்பு. முதலில் வண்டி வரப்போவதும் அதே வலது பக்கத்தில் இருந்துதான். பையன் வலது பக்கம் திரும்பிப் பார்த்தான். வேன் தெரிந்தது. அது நின்றுகொண்டிருந்தது. ஓடுகிற வண்டி எதுவும் அவன் கண்ணில் படவில்லை. "ஒண்ணுமே இல்ல."

பெரியவர்களான நமக்கு "தெரியவில்லை" வேறு, "இல்லை" வேறு. ஏழு வயசுக் குழந்தைக்கு இரண்டும் ஒன்றுதான். ஸ்காட்லாந்தின் ஸ்ட்ராத்க்ளைட் பல்கலைக்கழகத்தில் தாம்சன் குழுவினர் இதை ஆய்வு செய்து 1991-ல் வெளியிட்டார்கள். பிள்ளைகளைச் சாலையோரம் நிறுத்தி, "எங்கே கடந்தால் பாதுகாப்பு?" என்று கேட்டார்கள். ஐந்து, ஏழு வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் கண்ணுக்குக் கார் தெரிகிறதா என்பதை மட்டும் பார்த்தார்கள். கூர்மையான வளைவாக இருந்தாலும், மேட்டின் உச்சியாக இருந்தாலும், அந்த நேரம் கார் தெரியவில்லை என்றால் அவர்களுக்கு அது நல்ல இடம். ஒன்பது வயதுக்கு மேல்தான் இது நன்றாக மாறுகிறது.

இன்னொரு விஷயம். லண்டன் ராயல் ஹாலோவே கல்லூரி ஆய்வாளர்கள் 2011-ல் வெளியிட்ட ஆய்வின்படி, ஆரம்பப் பள்ளி வயதுப் பிள்ளைகளின் கண், மணிக்கு சுமார் 32 கிலோமீட்டருக்கு மேல் வேகமாக நெருங்கி வரும் வண்டியை "நெருங்குகிறது" என்று நம்பகமாகக் கண்டுபிடிப்பதில்லை. தூரத்தில் வருகிற வண்டி கண்ணுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பெரிதாகிறது. அந்தச் சின்ன மாற்றத்தைப் பிடிக்கும் திறன் அந்த வயதில் இன்னும் முதிரவில்லை. குழந்தை கவனமாகப் பார்த்தாலும் அந்த பைக் நிற்பது மாதிரியே அதற்குத் தோன்றலாம்.

ஆகவே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். "பாத்துப் போ" என்பது அறிவுரையே இல்லை. எதைப் பார்க்கணும், எங்கே நின்னு பார்க்கணும் என்று சொல்லாமல் "பாத்துப் போ" என்று மட்டும் சொல்லிவிட்டு, அடிபட்ட பிறகு "பாக்காம ஓடிட்டான்" என்று பிள்ளை மேல் பழி போடுவது அநியாயம்.

அந்த அம்மாவிடம் நான் கேட்டது வேறு கேள்வி. "நீங்க ஏம்மா அந்தப் பக்கம் நின்னீங்க?"

வேன் எந்தப் பக்கம் பிள்ளையை இறக்குகிறதோ அந்தப் பக்கம் நில்லுங்கள். எதிர்ப்பக்கம் நின்று கையசைக்கவோ, பெயர் சொல்லிக் கூப்பிடவோ வேண்டாம். அம்மா முகத்தைப் பார்த்துவிட்ட பிள்ளைக்கு நடுவில் சாலை இருப்பது மறந்துபோகும். பிள்ளை இறங்கியதும் கையைப் பிடித்துக்கொண்டு, வேன் கிளம்பிப் போகும் வரை அங்கேயே நில்லுங்கள். மறைப்பு போய்விட்டது, இப்போது இரண்டு பக்கமும் தெரியும். அரை நிமிஷம் கூட ஆகாது. இந்தப் பதிவில் வேறெதுவும் மனசில் நிற்காவிட்டாலும் பரவாயில்லை, இது நிற்கட்டும்.

சரி, பிள்ளைக்கு என்னதான் சொல்லிக்கொடுப்பது? நான் என் மகளோடு விளையாடுகிற ஒரு வாய் விளையாட்டைச் சொல்கிறேன். பொருள் எதுவும் வேண்டாம். கடைக்குப் போகும்போது விளையாடலாம். எங்கள் வீட்டில் இதற்குப் பெயர் "யாரு ஒளிஞ்சிருக்கா?"

சாலையோரமாக, கையைப் பிடித்தபடி நடந்துகொண்டே கேட்க வேண்டும்.

"அந்த ஆட்டோக்குப் பின்னாடி யாரு ஒளிஞ்சிருக்கா?"

"யாரும் இல்லப்பா."

"உனக்குத் தெரியுதா?"

"...தெரியல."

"தெரியலைன்னா என்ன சொல்லணும்?"

"ஒரு பைக் ஒளிஞ்சிருக்கு!"

அவ்வளவுதான் விதி. கண்ணுக்கு மறைவான ஒவ்வொரு இடத்திலும் ஒரு வண்டியை ஒளித்து வைக்க வேண்டும். நின்ற லாரி, குப்பைத் தொட்டி, வளைவு, இளநீர் வண்டி, கல்யாண ஃபிளெக்ஸ் போர்டு (நம்ம ஊர் முனைகளில் இதற்குப் பஞ்சமே இல்லை). பிள்ளைகள் ரொம்ப சீக்கிரம் இதில் குஷியாகிவிடுவார்கள். டைனோசர் எல்லாம் ஒளிந்திருக்கும். இருக்கட்டும், மறைப்பைக் கண்டுபிடித்துவிட்டது இல்லையா.

பிறகு ஆளை மாற்றுங்கள். இப்போது பிள்ளைதான் டீச்சர், நீங்கள் மக்கு மாணவர். வேண்டுமென்றே தப்பான இடத்தில் நின்று, "மிஸ், இங்க கடக்கலாமா?" என்று கேளுங்கள். பிள்ளை "வேண்டாம்" என்று சொன்னால் மட்டும் போதாது, "ஏன் மிஸ்?" என்று கேளுங்கள். அந்தப் பதிலில்தான் விஷயம் இருக்கிறது. "கார் வருது" என்று சொன்னால் பிள்ளை இன்னும் பழைய படியில்தான் நிற்கிறது. "வந்தா தெரியாது" என்று சொன்னால் புரிந்துவிட்டது. ஆனால் பழகின தெருவில் சரியாகச் சொல்வதை நம்பிவிடாதீர்கள், மனப்பாடமாகக் கூட இருக்கலாம். தாத்தா ஊருக்குப் போகும்போது புது இடத்தில் கேட்டுப் பாருங்கள்.

இது பழகிய பிறகு அடுத்தது, யானை எண்ணுவது. வேகத்தைக் கணிக்க முடியாத பிள்ளைக்கு எண்ணத் தெரியும் அல்லவா?

"ஒரு யானை, ரெண்டு யானை, மூணு யானை" என்று நிதானமாகச் சொன்னால் ஒரு யானைக்கு ஏறக்குறைய ஒரு விநாடி. வீட்டிலேயே மொபைல் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பத்து யானை எண்ணிப் பழகுங்கள்.

ஞாயிறு காலை வண்டி இல்லாத நேரம், பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு சாலையைக் கடங்கள். யானைகளை நீங்கள் எண்ணுங்கள், பிள்ளை சாலையைப் பார்க்கட்டும். எங்கள் வீட்டுச் சாலை சுமார் ஏழு மீட்டர் அகலம். மகள் நடைக்கு ஏழு யானை ஆனது.

பிறகு ஓரமாக, சாலையை விட்டு நன்றாகத் தள்ளி நின்றுகொண்டோம். வளைவில் ஒரு பைக் முதலில் கண்ணில் படும்போது எண்ண ஆரம்பித்து, அது எங்களைத் தாண்டும்போது நிறுத்தினோம். நாலு யானை! கணக்குப் போட்டால், 40 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற பைக் நாலு விநாடியில் 44 மீட்டர் வந்துவிடும். அங்கிருந்து வளைவு கிட்டத்தட்ட அவ்வளவு தூரம்தான்.

நாங்கள் கடக்க ஏழு. வண்டி வர நாலு. அப்படியென்றால் அந்த இடத்தில், வலது பார்த்து, இடது பார்த்து, மறுபடி வலது பார்த்து, எல்லாம் ஒழுங்காகச் செய்தாலும் பாதிச் சாலையில் பைக் வந்துவிடும். நாங்கள் வருஷக்கணக்காகக் கடந்துகொண்டிருந்த இடம் அது. வீட்டு வாசலுக்கு நேர் எதிரே இருக்கிறது என்பதைத் தவிர வேறு காரணம் கிடையாது.

பெட்டிக்கடைப் பக்கமாக ஐம்பது அடி எடுத்து வைத்துப் போய் மறுபடி எண்ணினோம். பதினொரு யானை. எதிர்ப்பக்கத்திலிருந்து வருவதற்கும் எண்ணினோம், அங்கே இன்னும் அதிகம். இப்போது அதுதான் எங்கள் இடம்.

ஒன்றிரண்டு வண்டியோடு நிறுத்திவிடாதீர்கள். ஒரு பத்து வண்டியாவது எண்ணி, அதில் சீக்கிரமாக வந்த வண்டியின் எண்ணிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். காலேஜ் பையன் பைக் ஒன்றாவது அதில் இருக்கணும். எலக்ட்ரிக் ஸ்கூட்டர் வந்தால் பிள்ளைக்குக் காட்டுங்கள். "சத்தம் கேட்டா திரும்பிப் பாரு" என்று நம் அப்பா அம்மா சொல்லிக்கொடுத்தது அதனிடம் செல்லாது.

ஒரு எச்சரிக்கை. யானை எண்ணுவது நல்ல இடத்தைத் தேர்ந்தெடுக்க மட்டும்தான். வருகிற வண்டிக்கு முன்னால் புகுந்து போக நேரம் இருக்கிறதா என்று பார்க்க அல்ல. பிள்ளை "இன்னும் எட்டு யானை இருக்கு, போலாம்" என்று சொன்னால் விளையாட்டை அங்கேயே நிறுத்திவிட்டு இதை விளக்குங்கள்.

விளையாடிவிட்டதால் பிள்ளை தனியாகக் கடக்கத் தயார் என்றும் அர்த்தமில்லை. ஒன்பது, பத்து வயது வரைக்கும் வண்டி ஓடும் சாலையில் கை நம் கைக்குள்தான். விரலைப் பிடித்தால் நழுவும், மணிக்கட்டைப் பிடியுங்கள்.

நமக்கும் ஒரு வார்த்தை. ஓடுகிற வண்டிகளுக்கு நடுவே உள்ளங்கையைக் காட்டிக்கொண்டே இறங்கிப் போகும் பழக்கம் நம் எல்லோருக்கும் இருக்கிறது. நானும் செய்திருக்கிறேன். ஐந்தரை அடி ஆள் கை காட்டினால் லாரி டிரைவருக்குத் தெரியும். நாலடி கூட இல்லாத பிள்ளை அதையே செய்தால், பக்கத்தில் வந்துவிட்ட லாரியின் முகப்புக்குக் கீழே மறைந்துவிடும். ஜீப்ரா கோட்டில் நின்றாலும் இதே கதைதான்.

யானை கணக்கு எங்கே போனாலும் சரிப்படவில்லை என்றால்? பள்ளி வாசலே வளைவில் இருக்கிறது, வேறு வழியே இல்லை என்றால்? அப்போது பிரச்சினை பிள்ளையுடையது அல்ல, சாலையுடையது. "கடக்க ஏழு விநாடி ஆகிறது, வண்டி நாலு விநாடியில் வருகிறது" என்று எழுதி, வேகத்தடை கேட்டு பஞ்சாயத்திலோ நகராட்சியிலோ மனு கொடுங்கள். மறைக்கும் ஃபிளெக்ஸை எடுக்கச் சொல்லுங்கள். "ஆபத்தா இருக்கு சார்" என்று வாயால் சொல்வதை விட இந்த இரண்டு எண்ணுக்கு பதில் சொல்வது அவர்களுக்குக் கஷ்டம்.

அந்தப் பையனுக்குத் தொடை எலும்புக்குள் வளையும் கம்பிகள் இரண்டு வைத்து, எலும்பு கூடிய பிறகு எடுத்தாயிற்று. போன மாதம் வந்திருந்தான். நன்றாக நடக்கிறான். இப்போது அம்மா வேன் நிற்கும் பக்கமே நிற்கிறாராம். ஒரு நாள் மறந்து வாசலிலேயே நின்றுவிட்டாராம். அவர் இந்தப் பக்கம் வந்து சேரும் வரைக்கும் வேன் டிரைவர் அண்ணன் கதவைத் திறக்கவே இல்லையாம்.