கதவு அவங்கட கையில, ஆக்கள் எங்கட கையில

2017 ஒக்டோபரில எங்கட நாட்டில நடந்த ஒரு விசயம் இண்டைக்குப் பிரசாரம் செய்யிற கனபேருக்குத் தெரியாது. பக்கங்கள் போடும் பதிவுகளை நியூஸ் ஃபீடில இருந்து எடுத்து, ‘எக்ஸ்புளோர் ஃபீட்’ எண்ட தனி இடத்துக்கு பேஸ்புக் மாற்றியது. காசு கட்டினால் மட்டும் பழைய இடத்தில தெரியும். முன்னறிவித்தல் இல்லை. இலங்கை, கம்போடியா, பொலிவியா, குவாத்தமாலா, சேர்பியா, ஸ்லோவாக்கியா ஆகிய ஆறு நாடுகளில்தான் இந்தப் பரிசோதனை நடந்தது. 2018 மார்ச்சில அவர்களே அதைக் கைவிட்டார்கள். ஆனால் அந்த மாதங்களுக்குள் வந்த பிரசாரங்கள் காத்திருக்க முடியாதே.

இப்பவும் ரீச் விழுந்தவுடன நாங்கள் போஸ்டரை மாத்துறம், நேரத்தை மாத்துறம், ஹேஷ்டேக்கை மாத்துறம். எல்லாத்தையும் ஒரேநாளில மாத்தினால் எது வேலை செய்தது எண்டு தெரியாமலே போகும். முதல்ல, பிழை எங்கட பதிவிலயா, தளத்திலயா எண்டு பார்க்கவேணும்.

ஒரு இரத்ததான முகாம் எண்டு வையுங்கோ. வழமையாக ஒரு பதிவை 4,000 பேர் பார்க்கிறார்கள், 120 பேர் லைக்கோ கொமென்டோ போடுகிறார்கள். நூற்றுக்கு மூன்று. இந்தக் கிழமை 1,000 பேர்தான் பார்த்தார்கள், 30 பேர் பதில் தந்தார்கள். இதுவும் நூற்றுக்கு மூன்றுதான். அப்ப, பார்த்த சனத்துக்கு ஆர்வம் குறையேல்ல; பதிவு சனத்திட்டப் போய்ச் சேரேல்ல. மாறாக, 4,000 பேர் பார்த்தும் 30 பேர்தான் அசைந்தால் பிழை எங்கட பதிவில. ஒரு பதிவை வைத்து முடிவெடுக்கக்கூடாது. நாலைந்து பதிவுகளைப் பாருங்கோ. அதே துறையில இருக்கிற வேற இரண்டு பக்கக்காரரிட்டயும் கேளுங்கோ. அவைக்கும் ஒரே நாளில விழுந்திருந்தால் சந்தேகம் பெரும்பாலும் தீரும்.

இதெல்லாம் நோயைக் கண்டுபிடிக்கத்தான். மருந்து வேற: ஆக்களின்ர பட்டியல் எங்களிட்ட இருக்கவேணும். முகாமுக்குப் பதியும்போதே பெயர், தொலைபேசி இலக்கம், இரத்த வகை, ‘அடுத்த முகாமுக்கு அறிவிக்கலாமா?’ எண்ட கேள்வி. ‘ஓம்’ எண்டவரை மட்டும் ஒரு கோப்பில போட்டு, பொறுப்பான இரண்டு பேர் வைத்திருந்தால் போதும்.

வட்ஸ்அப் குழு இருக்கே எண்டு கேட்பியள். வட்ஸ்அப்பும் பேஸ்புக்கும் ஒரே முதலாளிக்குரியவை. புரோட்காஸ்ட் பட்டியலில 256 பேருக்கு மேல சேர்க்கேலாது. உங்கட இலக்கத்தைச் சேமித்து வைத்தவருக்கு மட்டும்தான் அது போகும். 2018 மார்ச்சில கண்டிக் கலவரத்தின்போது அரசாங்கம் பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாத்தையும் தடுத்தபோது, சாதாரண எஸ்எம்எஸ் போய்க்கொண்டுதான் இருந்தது.

முகநூலை விடச் சொல்லேல்ல. புது ஆக்களைக் கண்டுபிடிக்க அது வேணும். ஆனால் கண்டுபிடித்தவரை அங்கேயே விட்டுட்டு வாறதுதான் எங்கட பிழை.