கடைசி வாரத்துப் பளபளப்பு

மணப்பெண்ணுக்கென்று அழகு நிலையங்கள் விற்கும் ‘பிரைடல் பேக்கேஜ்’ தில்லியிலும் புனேயிலும் ஏறத்தாழ ஒரே வடிவில்தான் கிடைக்கிறது: பிளீச், ஃபேஷியல், பீல் என எல்லாம் முகூர்த்தத்திற்கு முந்தைய வாரத்தில். இந்த அட்டவணை தோலை அறிந்து வகுக்கப்பட்டதன்று. கல்யாண வீட்டின் பதற்றத்தை அறிந்து வகுக்கப்பட்டது. அமிலம் பூசிய மறுகணம் கண்ணாடியில் தெரிவதை அங்கே ‘பொலிவு’ என்கிறார்கள். பெரும்பாலும் அது எரிச்சலால் ஏறிய செம்மையும் மேலடுக்கு உரிந்த மினுமினுப்பும்தான்.

தோலின் நாட்காட்டி வேறு. ஒரு பொருளுக்கு உடல் புதிதாக ஒவ்வாமை கொள்ளவே பத்து நாள், இரண்டு வாரம் ஆகலாம். முன்பே ஒவ்வாமை கொண்டுவிட்ட உடலிலும் அரிப்பும் தடிப்பும் பெரும்பாலும் ஓரிரு நாள் கழித்தே எழும். வியாழனன்று பூசியது ஞாயிறன்று மேடையில் முகங்காட்டும். காதின் பின்னே தடவிப் பத்து நிமிடம் காத்திருக்கும் நிலையத்துச் சோதனை இதைப் பிடிக்க வல்லதன்று.

டிசம்பர் 10 அன்று திருமணம் என்று கொள்வோம். பருத் தழும்பு உள்ள மணப்பெண் செப்டம்பர் 10 அன்று தொடங்குகிறாள். முதல் இரண்டு வாரம் மென்மையான ஃபேஸ்வாஷ், வாசனையற்ற மாய்ஸ்சரைசர், எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன் ஆகிய மூன்று மட்டுமே. அதன் பிறகு ஒரே ஒரு மருந்துப்பொருள், சான்றாக 10 விழுக்காடு அசெலாயிக் அமிலம். முதலில் வாரம் இரண்டு இரவு. பூசியதும் சிறு குறுகுறுப்பு இயல்பு. மறுநாளும் எரிந்தால், தோல் உரிந்தால், நிறுத்தித் தோல் ஆறிய பின்பே தொடர வேண்டும். தழும்பின் கருமை மங்க இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். மூன்று மாத அவகாசத்தின் பொருள் அதுவே.

நவம்பர் 10க்குப் பின் புதிய பொருள் எதுவும் முகத்தை நெருங்கலாகாது. ஒப்பனைக்காரரின் ஃபவுண்டேஷனும் புதிய பொருளே என்பதைப் பலர் மறக்கிறார்கள். ஒத்திகை அதற்கு முன்பே முடிய வேண்டும். ஒத்திகைக்கும் முன், கழுவாமல் விடும் ஒவ்வொரு பொருளையும் முழங்கையின் உட்புறத்தில் நாணய அளவு இடத்தில் நாளைக்கு இருமுறை, ஏழு நாள் பூசிப் பார்ப்பது தகும்.

“மஞ்சள் இயற்கைதானே” என்பார்கள். நலுங்குக்கும் ஹல்திக்கும் எவரும் தடை சொல்லவில்லை. ஆனால் கடலைமாவில் எலுமிச்சை பிழிந்து அழுத்தித் தேய்ப்பது தேய்ப்பும் அமிலமும் சேர்ந்த வேலை. அரிதாகச் சிலருக்கு மஞ்சளே ஒவ்வாது. அசெலாயிக் அமிலத்தை அதற்கு மூன்று நாள் முன்பே நிறுத்தி, மஞ்சளை மெல்லப் பூசி, தேய்க்காமல் கழுவுவது நலம்.

‘கறுப்பு மெஹந்தி’ மட்டும் விலக்கத்தக்கது. மருதாணி தரும் நிறம் செம்பழுப்பு. ஒரு மணி நேரத்தில் கருமை தரும் கூம்பில் தலைமுடிச் சாயத்தின் பி.பி.டி. கலந்திருக்க வாய்ப்பு மிகுதி. அதனால் கொப்புளம் கண்ட கை ஆறிவிடும், ஒவ்வாமை ஆறாது. இருபது ஆண்டு கழித்து நரைக்குச் சாயம் பூசும் நாளிலும் அது விழித்தெழும்.